பருந்தா, கழுகா, வல்லூறா? நிழலுருவப் படத்துக்கு நான் தயாரான விதம்

விலங்கியல் முதுகலையில் எங்களுக்குப் படத்தைப் பார்த்துப் பெயர் எழுதும் ஸ்பாட்டர் தேர்வில் வேட்டைப் பறவைப் படங்கள் வந்தன. பாதிப் படங்கள் வெயிலுக்கு எதிராக எடுத்தவை. நிறமே தெரியாது, கறுப்பாக ஒரு உருவம் மட்டும் இருக்கும். அதனால் நிறத்தை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, பாலாற்றுப் பாலத்திலும் வேலூர்க் கோட்டை அகழிப் பக்கத்திலும் எடுத்த படங்களைக் கருப்பு வெள்ளையாக்கி வைத்துக்கொண்டு படித்தேன்.

அதிகம் குழப்புவது கரும்பருந்துதான். அதன் வால் பிளவுபட்டது என்று எல்லாரும் படித்திருப்போம். ஆனால் வட்டமடிக்கும்போது அது வாலை விசிறி போல விரித்துவிடும். அப்போது பிளவு காணாமல் போய், வால் ஓரம் கிட்டத்தட்ட நேர்கோடாகிவிடும். உடனே பலரும் கழுகு என்று எழுதிவிடுவார்கள்.

ஆற்றுக்கு மேலே கீழிருந்து எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. விரிந்த வால், விரல் போலப் பிரிந்த இறக்கை நுனி, பார்த்தால் கழுகு மாதிரியே இருக்கும். முதலில் வாலின் இரு மூலைகளைப் பார்த்தேன். வெட்டி வைத்ததுபோலக் கூராக இருந்தன. செம்பருந்தாக இருந்தால் வால் ஓரம் வட்டமாக வளைந்திருக்கும். அடுத்து, வாலின் ஒரு மூலை மேலேயும் மற்றது கீழேயுமாக, வால் இறக்கையின் மட்டத்திலிருந்து திருகி நின்றது. திசை மாற்றப் பருந்து வாலை இப்படி ஓயாமல் திருப்பும். கடைசியாக இறக்கை. இறக்கை வளையும் மணிக்கட்டு முன்னால் தள்ளி, அங்கிருந்து நுனி பின்னோக்கி மடங்கியிருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் கரும்பருந்துதான், பிளவு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் பார்க்கிற கொண்டைப் பாம்புக்கழுகை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இறக்கை அகலமாக, பலகை போல இருக்கும். வால் அந்த அகலத்துக்குக் குட்டையாகத் தெரியும். நேர் எதிரே வரும் படமாக இருந்தால் இரு இறக்கைகளும் மேலே தூக்கி ஆழமில்லாத ஆங்கில ‘V’ வடிவம் காட்டும். வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் இறக்கையின் அடியில் பின்னோரத்தை ஒட்டி அகலமான வெள்ளைப் பட்டையும் தெரியும்; அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இறக்கை நுனி விரல்களை எண்ணிப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். இறகு உதிரும் காலத்தில் ஒன்றிரண்டு குறையும். இடது பக்கம் இடைவெளி இருக்கும் அதே இடத்தில் வலது பக்கமும் இருந்தால் அது பெரும்பாலும் உதிர்வு, பறவையின் இயல்பான வடிவம் இல்லை.

வல்லூறு சுலபம். குட்டையான வட்ட இறக்கை, நீண்ட வால். நாலைந்து தடவை படபடவென்று அடித்துவிட்டு வழுக்கிப் போகும். சிக்கல் எங்கே என்றால், வேகமாக வழுக்கும்போது இறக்கையை மடக்கிக்கொள்ளும், நுனி கூராகிவிடும். அப்படி ஒரே ஒரு படம் கிடைத்தால் வால் நீளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும் படத்தில் நான் முதலில் தேடுவது, மடக்கிய இறக்கையின் நுனி வாலில் எதுவரை வருகிறது என்பதை. பருந்துக்கு வால் நுனியை ஒட்டி வரும். வல்லூறுக்குப் பாதி வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கருந்தோள் பருந்துக்கு வாலையும் தாண்டிவிடும். இங்கே அக்காக்குயில் என்று ஒரு போலி உண்டு. வல்லூறைப் போலவே வரிவரியாக, நீள வாலோடு உட்காரும். அலகு கொக்கி போல வளையாது, இறக்கை கொஞ்சம் தளர்ந்து தொங்கும். கால் தெரிந்தால் இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னும் இருக்கும்.

ஆந்தைக்குக் கழுத்தே இல்லாத பெரிய தலை, குட்டை வால். முகம் தட்டையாக நம்மைப் பார்க்கும். முதுகும் முகமும் ஒரே படத்தில் தெரிந்தால் அனேகமாக ஆந்தைதான், தலை அந்த அளவுக்குத் திரும்பும். கம்பியில் உட்காரும் கருந்தோள் பருந்துக்கும் கண் முன்பக்கம் நோக்கி இருப்பதால் ஆந்தையோ என்று தோன்றும். அங்கேயும் நீண்ட இறக்கை நுனியைப் பாருங்கள்.

விடையில் பெயரோடு இரண்டு காரணம் எழுதுங்கள். ‘கரும்பருந்து: வால் மூலை கூர், மணிக்கட்டில் மடிந்த இறக்கை’ என்பது போதும். இனம் பிடிபடவில்லை என்றால் ‘கழுகு வகை, அகல இறக்கை, குட்டை வால்’ என்று நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் தாளில் காரணத்துக்கும் மதிப்பெண் இருந்தது.