ஒரே செய்தி, இரண்டு உரைகள்: எழுதிப் படித்ததும் குறிப்பை வைத்துப் பேசியதும்

நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் பிரியும் கோரையாற்றின் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு நான் செயலாளர். பேச வேண்டிய இடங்கள் இந்தப் பொறுப்போடு சேர்ந்தே வருகின்றன. உரையை முழுமையாக எழுதிக்கொள்வதா, குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசுவதா என்ற கேள்விக்கு, கூட்டம் பெரியதா சிறியதா என்பதையோ பேசுபவருக்கு மேடைக் கூச்சம் உண்டா என்பதையோ வைத்து விடை தேடுவது பயன் தராது என்பது என் கருத்து. தை மாத மழையில் சம்பா நெல் நனைந்த ஓர் ஆண்டில், ஒரே செய்தியை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேச நேர்ந்ததைச் சொன்னால் நான் கருதுவது விளங்கும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு வரை ஈரப்பதம் உள்ள நெல்லைத்தான் எடுப்பார்கள். கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்த நெல் அந்த அளவுக்குக் காய்வதற்கு நல்ல வெயில் வேண்டும். அது அப்போது இல்லை. வரம்பைத் தளர்த்தலாமா என்று பார்க்க மத்தியக் குழு ஒன்று மாதிரி எடுக்க வருவதாகவும், எங்கள் பகுதிச் சங்கங்களின் சார்பில் ஒருவர் நான்கு நிமிடம் பேசலாம் என்றும் தகவல் வந்தது. பேசும் பொறுப்பு என் மேல் விழுந்தது.

இதை எழுதித்தான் படிக்க வேண்டும் என்று உடனே முடிவெடுத்ததற்கு முதல் காரணம், அங்கே நான் சொல்லப்போகும் சொற்கள் எனக்குச் சொந்தமானவை அல்ல என்பது. ஆற்றோரத்து விவசாயிகள் வரம்பை 22 விழுக்காடாக உயர்த்துவதே முதன்மை என்றார்கள். கடைமடைக்காரர்களுக்குக் கூடுதல் நிலையங்கள் திறப்பதும் மூட்டைகள் திறந்தவெளியில் தேங்காமல் நகர்வதும்தான் அவசரமாக இருந்தன. இரண்டையும் எந்த வரிசையில், எந்த அழுத்தத்தில் சொல்வது என்று பேசித் தீர்த்த பிறகு, மேடையில் என் வாய்க்கு வந்தபடி அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆகவே எழுதிய தாளை எல்லாருக்கும் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினேன்.

இரண்டாவது காரணம் மொழிபெயர்ப்பு. குழுவினருக்குத் தமிழ் தெரியாததால், உள்ளூர் அலுவலர் ஒருவர் நான் பேசப் பேச அதை ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு. அப்படியானால் நான்கு நிமிடத்தில் பாதி அவருடையது. எனக்கு மிஞ்சுவது இரண்டு நிமிடம். கடிகாரத்தை வைத்து உரக்கப் படித்துப் பார்த்தபோது என் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 சொற்கள் என்று தெரிந்தது. ஆக 180 சொற்களுக்குள் முடிக்க வேண்டும். குறிப்பு வைத்துப் பேசினால் இந்தக் கணக்கு நிற்காது. முன்னுரையிலேயே ஒரு நிமிடம் போய்விடும். கோரிக்கையைச் சொல்லத் தொடங்கும்போது மணி அடித்துவிடுவார்கள்.

எழுதும்போது எதிர்ப்பட்ட சிக்கல் எழுத்துத் தமிழிலேயே இருந்தது. நான் முதலில் எழுதியிருந்த வாக்கியம் இது: "தொடர்மழையால் கதிர்கள் சாய்ந்து நீரில் கிடந்ததாலும், வயலில் அறுவடை இயந்திரம் இறங்க முடியாததாலும், அறுத்த நெல்லைக் காயவைக்க வெயில் இல்லாததாலும் ஈரப்பதத்தை 17 விழுக்காட்டுக்குள் கொண்டுவர எங்களால் இயலவில்லை." தாளில் படிக்க இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால், 'இயலவில்லை' என்பது கடைசியில் வந்து விழும்வரை மொழிபெயர்ப்பவரால் வாயைத் திறக்க முடியாது. அது வருவதற்குள் மூன்று காரணங்களில் ஒன்றை அவர் தவறவிட்டிருப்பார். எனவே அதை நான்காக உடைத்தேன்: "ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கதிர்கள் சாய்ந்து தண்ணீரில் கிடந்தன. அறுவடை இயந்திரம் வயலில் இறங்க முடியவில்லை. அறுத்த நெல்லைக் காயவைக்க வெயில் இல்லை." முடிவு முன்னே, காரணங்கள் பின்னே. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தினேன். தட்டச்சு செய்யும்போது வாக்கியத்துக்கு ஒரு வரி என்று பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்தேன். எந்த வாக்கியமும் அடுத்த தாளுக்குத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு படியை அந்த அலுவலரிடம் முன்கூட்டியே கொடுத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. 'தாளடி' என்றால் குறுவைக்குப் பின் அதே வயலில் நடும் இரண்டாம் போகம் என்பதை அவர் என்னிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள நேரம் இருந்தது.

படித்து முடித்ததும் குழுவினர் கேள்வி கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்து, அதற்கென்று ஓர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நட்ட பரப்பு, சாய்ந்த பரப்பு, மழை பெய்த நாட்கள், நிலையத்தில் காத்திருக்கும் 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கை. அவ்வளவுதான் அதில் இருந்தது. கேள்விக்கு விடை சொல்லும்போது எழுதிய உரையைக் கையில் எடுக்கக் கூடாது. கேட்டது ஒன்றாக இருக்க, தாளில் இருப்பதை மறுபடி படித்துவிடுவோம்.

அன்று மாலை கோயில் மண்டபத்தில் ஊராருக்கு இதே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே எழுதிப் படிப்பது வேலைக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் எழுதிவந்து படிப்பவரின் பேச்சு செய்தி வாசிப்பு ஆகிவிடும். முன்வரிசை மரியாதைக்காக உட்கார்ந்திருக்க, பின்வரிசை டீக்கடைக்குப் போய்விடும். அதைவிட முக்கியமானது, ஊர்க்கூட்டத்தில் பேச்சாளர் வைத்த வரிசை நிற்பதில்லை என்பது. "மாதிரி எந்தக் குவியலிலிருந்து எடுத்தாங்க?" என்று ஒரு பெரியவர் இரண்டாவது நிமிடத்திலேயே கேட்டார். எழுதிய உரையில் அது மூன்றாம் பக்கத்தில் இருந்திருந்தால், "சொல்கிறேன், இருங்கள்" என்று அவரை அமர்த்துவதா, பக்கத்தைப் புரட்டுவதா என்று தடுமாற வேண்டியிருக்கும்.

என் அட்டையில் இருந்தவை ஐந்து வரிகள்: மாதிரி எடுத்த இடங்கள், 17-க்கும் 22-க்கும் இடையே நாம் கேட்டது, முடிவு வரும்வரை ஈரநெல்லையும் காய்ந்த நெல்லையும் கலக்கக் கூடாது, டோக்கன் வரிசை, குழு சொன்ன பதில். பெரியவர் கேட்டதும் முதல் வரிக்குப் போனேன். அங்கிருந்து, வேறொருவர் தூண்ட, நான்காவதுக்கு. சொல்லிய வரியைப் பேனாவால் கோடிட்டுக்கொண்டே போனதால் எதுவும் விடுபடவில்லை. குறிப்பு எழுதுபவர்கள் பொதுவாகத் தலைப்புகளை மட்டும் எழுதுகிறார்கள். தலைப்பு நினைவில் தானாக வந்துவிடும், எண்ணும் ஊர்ப்பெயரும்தான் நழுவும். ஆகவே அட்டையில் எண்களுக்கே இடம் கொடுக்கிறேன்.

ஆனால் அந்த ஐந்தாவது வரியை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தேன்: "மாதிரிகளைச் சோதித்து அறிக்கை அனுப்புவோம், தளர்வு குறித்து மத்திய அரசு முடிவு செய்யும்." இதை நான் சொந்த நடையில் சொல்லியிருந்தால், மறுநாள் காலைக்குள் '22 வரைக்கும் எடுத்துக்குவாங்களாம்' என்று பக்கத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அதை நம்பி ஈரநெல்லை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வருபவருக்கு வண்டி வாடகை நட்டம். அந்த வரிக்கு வந்தபோது அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து, படிக்கிறேன் என்பது தெரியும்படியே இரண்டு முறை படித்தேன்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சொல்வது பதிவாகிறது, ஆனால் முந்தைய பேச்சாளர் அதே கோரிக்கையைச் சொல்லிவிட்டால் நம் முன்னுரை வீணாகிவிடும். அங்கே முதல் வாக்கியத்தையும் கோரிக்கை வாக்கியத்தையும் மட்டும் முழுமையாக எழுதிக்கொள்கிறேன். இடைப்பட்டதற்கு எண்கள் மட்டும். ஒலிவாங்கி என்னிடம் வரும்போது, யார் எதைச் சொல்லிவிட்டார்கள் என்று பார்த்து முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு நேரே கோரிக்கைக்குப் போவதும் உண்டு.