பிரிஸ்டல் கடிகாரத்தின் இரண்டு நிமிட முட்கள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் முகப்புக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் இருக்கின்றன. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். லண்டனுக்கு மேற்கே ஏறக்குறைய இரண்டரைப் பாகை தள்ளியிருக்கும் பிரிஸ்டலில் சூரியன் சுமார் 10 நிமிடம் தாமதமாகவே உச்சிக்கு வருகிறது. 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் நிலையங்களில் லண்டன் நேரத்தைக் கடைப்பிடிக்கத் தொடங்கியபின், ஊர்க் கடிகாரத்தை நம்பிச் சரியான நேரத்துக்கு வந்தவர்கூட ரயிலைத் தவறவிட நேர்ந்தது. ஆகவே ஒரு முள் ஊர் நேரத்தையும் மற்றொன்று லண்டன் நேரத்தையும் காட்டின. 1852-இல்தான் பிரிஸ்டல் லண்டன் நேரமான கிரீன்விச் நேரத்தை ஏற்றது.

சட்டம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1858-இல் இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரில், கிரீன்விச் நேரம் காட்டிய நீதிமன்றக் கடிகாரம் 10 மணியைக் கடந்தும் பிரதிவாதி வராததால், நீதிபதி வாதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஊர்க் கடிகாரப்படியோ அப்போது 10 ஆகியிருக்கவில்லை. மேல்விசாரணையில் '10 மணி' என்பது உள்ளூர் நேரத்தையே குறிக்கும் என்று முடிவானது. அந்தப் பிரதிவாதியின் பக்கமே நியாயம் இருந்ததாக நானும் கருதுகிறேன்.

கிரீன்விச் நேரம் பிரிட்டன் முழுவதற்கும் சட்டமானது 1880-இல். 1883 நவம்பர் 18 அன்று வட அமெரிக்க ரயில் நிறுவனங்கள், 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் அமைந்த நேர மண்டலங்களுக்குத் தம் கடிகாரங்களை மாற்றின.