தைப்பூசத் தேங்காய்க் கணிப்பு: மேப் ஒன்றைச் சொல்ல, ஆர்எம்எஸ்இ வேறொன்றைச் சொன்னது

பினாங்கில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு, வாரத்துக்கு எத்தனை காய் தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிக்கும் மாதிரியைச் சோதித்த முறையை இங்கே எழுதுகிறோம். மாதிரி செய்வது பாதி வேலைகூட இல்லை. அதை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் நாள்கள் போயின. கடையின் கணக்கை அப்படியே தர முடியாது என்பதால், அளவு விளங்கும்படி எளிமையாக்கிய எண்களைத் தருகிறோம்.

கையில் இருந்தது 156 வார விற்பனை, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். 4 ஏப்ரல் 2022இல் தொடங்கி 30 மார்ச் 2025இல் முடிகிறது. சாதாரண வாரத்தில் சுமார் 300 காய், தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தில் 1,700 காய். வெள்ளி ரதமும் தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் குவியல் குவியலாகச் சிதறுகாய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்றம் வியப்பாக இருக்காது.

முதல் 104 வாரத்தை மாதிரி கற்றுக்கொள்ள விட்டோம். அதில் 2023, 2024 ஆகிய இரண்டு தைப்பூசங்கள் அடங்கும். பிறகு ரோலிங் ஆரிஜின்: 104ஆம் வார முடிவில் நின்று அடுத்த 4 வாரத்தைக் கணிக்க வேண்டும், ஒரு வாரம் நகர்ந்து மாதிரியைப் புதிதாகப் பொருத்தி மறுபடி 4 வாரம் கணிக்க வேண்டும். கடைசி வரை இப்படியே.

```python
rows = []
for t in range(104, len(y) - 3):
    f = forecast(y, t, h=4)   # y[:t] மட்டுமே பயன்பட வேண்டும்
    for k in range(4):
        rows.append((t, k + 1, y[t + k], f[k]))
```

நிற்கும் இடங்கள் 49, ஒவ்வொன்றிலும் 4 கணிப்பு, ஆக 196 வரிசை. இந்த 196ஐயும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுக்காதீர்கள். லோரியில் காய் வர, முந்தின வாரத்துக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அதனால் இந்தக் கடைக்குத் தேவை இரண்டு வாரம் முன்னால் போடும் கணிப்பு மட்டுமே. அந்த 49 வரிசையைத் தனியே பிரித்தோம். ஒரு வாரம் முன்னால் நன்றாகக் கணிக்கும் மாதிரி, ஆர்டர் கொடுக்கும் நாளில் உதவாது.

`y[:t]` என்று எழுதிவிட்டதாலேயே எதிர்காலம் உள்ளே நுழையாது என்று நம்பிவிட முடியாது. பெரும்பாலும் அது துப்புரவு வேலையில் நுழைகிறது: முழுத் தொடருக்கும் சேர்த்து விதிவிலக்கு எண்களை நீக்குவது, இரண்டு பக்கமும் பார்க்கும் நகரும் சராசரியால் ஓட்டையை நிரப்புவது போன்றவை. அந்த வேலைகளை எல்லாம் `forecast` உள்ளேயே வைத்துவிட்டு இப்படிப் பாருங்கள்:

```python
a = forecast(y, t, h=4)
z = y.copy()
z[t:] = 999999
b = forecast(z, t, h=4)
assert (a == b).all()
```

எதிர்காலம் முழுவதையும் குப்பையாக்கிய பிறகும் கணிப்பு ஒரு காய்கூட மாறக்கூடாது. மாறினால் கசிவு இருக்கிறது. தைப்பூசத் தேதியைக் கொடுப்பது கசிவு ஆகாது, பஞ்சாங்கம் முன்பே கையில் இருக்கிறது.

அந்தத் தேதியை எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு சிக்கல். 2024இல் பூசம் 25 ஜனவரி, 2025இல் 11 பிப்ரவரி. '52 வாரத்துக்கு முன் விற்றதே இப்போதும் விற்கும்' என்ற எளிய மாதிரி, 20 ஜனவரி 2025இல் தொடங்கும் வாரத்தில் இல்லாத கூட்டத்துக்குக் காய் ஏற்றுகிறது, உண்மையான கூட்டத்தைத் தவறவிடுகிறது. 'பூசம் விழும் வாரம்' என்று குறிப்பதும் சரிவராது. 11 பிப்ரவரி செவ்வாய், ரதம் புறப்படும் முந்தைய நாளான செட்டிப்பூசம் திங்கள், ஆகவே சனி ஞாயிறிலேயே காய் போய்விடும். விற்பனை முந்தின வாரத்தில் ஏறும். செட்டிப்பூச நாளும் அதற்கு முந்தைய 4 நாளும் சேர்ந்த 5 நாளில் எத்தனை நாள் அந்த வாரத்தில் விழுகிறது என்று எண்ணிக் கொடுத்தோம். 2025இல் 3 பிப்ரவரி வாரத்துக்கு 4, அடுத்த வாரத்துக்கு 1.

இனி அளவுகோல். முதலில், 52 வார மாதிரியின் இரண்டு தவறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொய்யான வாரத்தில் விற்றது 300, கணிப்பு 1,700. உண்மையான வாரத்தில் விற்றது 1,700, கணிப்பு 300. இரண்டிலும் பிழை 1,400 காய்தான். மேப், அதாவது சராசரி விழுக்காட்டுப் பிழை, ஒவ்வொரு பிழையையும் நடந்த விற்பனையால் வகுக்கிறது, அதனால் முதலாவது 467%, இரண்டாவது 82%. பூசத்தன்று கடையில் காய் இல்லாமல் போவதை மேப் சிறிய குற்றமாக எடுத்துக்கொள்கிறது. குறைத்துக் கணித்தால் பிழை 100 விழுக்காட்டைத் தாண்டாது, கூட்டிக் கணித்தால் எல்லையே இல்லை. இரண்டே வாரம், விற்பனை 300, 600 என்று வையுங்கள். இரண்டுக்கும் 450 என்று கணித்தால் மேப் 37.5%, 300 என்று கணித்தால் 25%. மேப்பை மட்டும் பார்த்து மாதிரி தேர்ந்தெடுப்பவர் எப்போதும் குறைவாக ஆர்டர் கொடுப்பார்.

இது எங்கள் தேர்வையே புரட்டிப்போட்டது. இரண்டு மாதிரிகள் கடைசிவரை நின்றன. ஒன்று, கடந்த 52 வாரத்தின் இடைநிலை எண்ணையே சொல்லும்; பூசத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாதாரணமான 48 வாரத்தில் வாரத்துக்குப் பிழை 40 காய், பூச வாரத்தில் 1,400. மற்றொன்று, நாள் எண்ணிக்கையைப் பயன்படுத்துவது. 48 வாரத்தில் பிழை 45, பூச வாரத்தில் 300. மேப் முதலாவதற்கு 14.7%, இரண்டாவதற்கு 15.1%. பூசத்தை அறவே தவறவிட்ட மாதிரி ஜெயிக்கிறது! பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காணும் ஆர்எம்எஸ்இ முதலாவதற்கு 204 காய், இரண்டாவதற்கு 62.

ஆர்எம்எஸ்இ இங்கே சரியான பக்கம் நின்றது. அதற்காக அதையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 204 என்ற எண் வந்த விதத்தைப் பிரித்தால், 48 சாதாரண வாரங்களின் பிழையை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 76,800. பூச வாரம் ஒன்றே 19,60,000. மொத்தத்தில் 96% ஒரே வாரத்திலிருந்து வருகிறது. 49 சோதனை செய்தோம் என்று சொல்லிக்கொண்டாலும், அந்த எண் பேசுவது ஒரே ஒரு தைப்பூசத்தைப் பற்றி. பழைய பில் புத்தகங்களில் முந்தைய ஆண்டுகளின் பூச வார விற்பனை கிடைத்தால், அதைச் சேர்ப்பதுதான் இதற்கு மருந்து. ரோலிங் ஆரிஜினை எத்தனை முறை நகர்த்தினாலும் பண்டிகைகள் கூடப்போவதில்லை.

அதனால் அறிக்கையில் ஒரே எண்ணைக் கொடுக்கவில்லை. சாதாரண வாரங்களுக்குச் சராசரிப் பிழை எத்தனை காய் என்று ஒன்று, பூச வாரத்துக்குக் கூடவா குறைவா, எத்தனை காய் என்று தனியே ஒன்று. முதலாளி கேட்பதும் காய்க் கணக்கில்தான். ஒப்பீட்டுக்கு 52 வார மாதிரியின் பிழையையும் பக்கத்தில் வைத்தோம்.

கடை மூடிய வாரத்தில் விற்பனை பூஜ்யமாக இருந்தால் மேப் வகுக்க முடியாமல் நிற்க வேண்டும். ஆனால் பைத்தான் நூலகமான `sklearn` தரும் `mean_absolute_percentage_error` நிற்காது, பூஜ்யத்துக்குப் பதில் மிகச் சிறிய எண்ணால் வகுத்துப் பூதாகரமான விடை தரும். அதோடு, 0.147 என்று வந்தால் அது 14.7%, விழுக்காடாக மாற்றித் தராது.

பலர் பார்க்காமல் விடுவது காய் தீர்ந்துபோன வாரங்கள். 1,700 விற்றது என்றால் வந்ததே 1,700ஆக இருந்திருக்கலாம், கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் கணக்கில் இல்லை. அந்த வாரத்தில் 2,000 என்று சரியாகக் கணித்த மாதிரிக்கு இரண்டு அளவுகோலும் 300 காய்த் தண்டனை போடும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சரக்கு தீர்ந்தது என்று பில் புத்தக ஓரத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறோம். குறி விழுந்த வாரங்களை மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.