சொட்டு மருந்து வேண்டாம், அரிசி அளவு பேஸ்ட் போதும் என்று ஆன கதை

போன கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் என் மகளுக்கு ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தார், ஃப்ளோரைடு சொட்டு மருந்து. தினமும் அரை மில்லி கொடுத்தால் பல் சொத்தை வராது, அங்கே அவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடே கிடையாது, அதனால் டாக்டர் அவர் பையனுக்கு எழுதிக்கொடுத்தார் என்றார். பாப்பாவுக்கு அப்போது 2 வயது, எடை 11 கிலோ. கொடுக்கலாமா என்று கேட்கத்தான் ராமநாதபுரத்தில் பல் டாக்டரிடம் போனேன்.

அவர் பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. "எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்றார்.

எங்கள் கடற்கரைப் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. மழைக்குப் பிறகு மணல் ஊற்றில் சிரட்டையால் கோரி எடுப்போம், காவிரிக் குழாய் வந்தால் அது, கோடையில் இரண்டும் இல்லாமல் டிராக்டரில் வரும் பக்கத்து ஊர் போர்த் தண்ணீரைக் குடம் குடமாக வாங்குவோம். அதைச் சொன்னதும், முதலில் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு வாருங்கள், காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும் என்றார். பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். டிராக்டர் தண்ணீரில் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று வந்தது. குடிநீரில் 1 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு, ஆகவே தண்ணீர் மோசமில்லை. ஆனால் சொட்டு மருந்து என்பது 0.3-க்கும் குறைவான தண்ணீர் குடிக்கிற குழந்தைக்கு, அதுவும் டாக்டர் பார்த்து எழுதினால்தான்.

டாக்டர் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினார். குடிப்பது, கஞ்சி, சோறு எல்லாம் சேர்த்துப் பாப்பாவுக்குள் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்தால் 0.9 மில்லிகிராம். இந்த வயதுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 1.3. எங்கள் பேஸ்ட் 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராமில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்க வைத்தால் ஏறக்குறைய ஒரு கிராம். "காலையும் ராத்திரியும் அப்படி வெச்சு அவ முழுங்கினா எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். தண்ணீரோடு சேர்த்து 2.9. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் வீட்டில் அப்பத்தா அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார், பாப்பாவும் ஸ்ட்ராபெர்ரி வாசனைக்காக நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அரிசி அளவு வைத்தால் ஒரு முறைக்கு 0.1 கிராம்தான், இரண்டு வேளையும் முழுதாக விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம், தண்ணீரோடு சேர்த்து மொத்தம் 1.1. வரம்புக்குள் நிற்கிறது. மூன்று வயது வரை இந்த அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, சுமார் கால் கிராம்.

இது கேட்கச் சுலபம், வீட்டில் நடப்பது வேறு. அப்பத்தா முதல் நாள் வைத்தது சோற்றுப் பருக்கை அளவு. நான் ஒரு ரேஷன் அரிசியை எடுத்து பிரஷ் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இதுல என்னத்தா நுரை வரும்?" என்றார். நுரை வரவே வேண்டாம். ஐந்து வயது மூத்தவனுக்கும் சுண்டலுக்கு ஊறவைத்த பட்டாணி இல்லை, காய்ந்த பட்டாணி. இன்னொன்று, பேஸ்ட்டை பிரஷ் மேல் நிற்கவிடாமல் விரலால் நாருக்குள் அமுக்கிவிடுவேன், அப்போதுதான் நக்கி எடுக்க முடியாது. பாப்பாவுக்குத் துப்பத் தெரியாது, அதனால் தலையை முன்னால் குனிய வைத்துத் தேய்த்து, மிச்சத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். மூத்தவன் துப்புகிறான், அவனை நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கச் சொல்வதில்லை, பல்லில் ஒட்டியது கழுவிப் போய்விடும்.

ஒருநாள் கொஞ்சம் கூடப் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். தினமும் அதிகமாக விழுங்குவதன் விளைவு இப்போது தெரியாது, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற நிலைப்பற்கள் ஆறேழு வயதில் முளைக்கும்போதுதான் வெள்ளைக் கோடாகவும் திட்டாகவும் தெரியும். அதன் பிறகு அதை அழிக்கிற பேஸ்ட் கிடையாது. ஒரே தடவையில் டியூபைப் பிதுக்கித் தின்பது வேறு விஷயம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் போனால் ஆபத்து, பாப்பாவுக்கு அது 55 மில்லிகிராம், அதாவது சுமார் 55 கிராம் பேஸ்ட். அந்த அளவை நெருங்கியது போலிருந்தாலோ, எவ்வளவு போனது என்றே தெரியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒரு வாய் இரண்டு வாய் என்றால் வயிற்றுவலி, குமட்டல் வரலாம், பால் கொடுக்கலாம், பாலிலுள்ள கால்சியம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கேட்ட அன்றே டியூபைப் பரண் மேல் வைத்துவிட்டேன்.

மழை வந்து ஊற்றுத் தண்ணீருக்கு மாறியதும் மறுபடி டாக்டரிடம் போனேன், இப்போது சொட்டு மருந்து கொடுக்கலாமா என்று. நான்கு மாதத்துக்கு ஒரு தண்ணீர் மாறுகிற வீட்டில் எந்த அளவென்று எழுதுவது, அதோடு ஃப்ளோரைடு வேலை செய்வது பெரும்பாலும் பல்லின் மேல் படும்போதுதான், வயிற்றுக்குள் போய் இல்லை, அந்த அரிசி அளவையே இரண்டு வேளையும் விடாமல் தேய்த்துவிடுங்கள் என்றார். பாட்டிலைத் திறக்காமலே நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.