ஒரே கடலைக்கு 41-ம் 45-ம்: சாக்ஸ்லெட்டில் நான் பட்ட பாடு

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு புராஜெக்டுக்காக உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டில் விளைந்த நிலக்கடலையில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மதுரையில் நான் படித்த கல்லூரியின் லேபில், கரைப்பானால் கொழுப்பை இழுத்தெடுக்கும் கண்ணாடிக் கருவியான சாக்ஸ்லெட் செட் இரண்டு இருந்தது. பாடத்தில் இது அரைப் பக்கம். காய்ந்த மாதிரியைத் திம்பிள் என்கிற வடிதாள் குழலில் போடு, கரைப்பானைக் கொதிக்க வை, சில மணி நேரம் கழித்து ஃபிளாஸ்க்கை நிறுத்துப் பார், கழித்து வகுத்து நூறால் பெருக்கு. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் ஈரப்பதம். கடலைப் பருப்பை ஒன்றிரண்டாக நறுக்கி, 5.0210 கிராம் எடுத்து 105 டிகிரி சூட்டில், அவன் அடுப்பில், எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை காயவைத்தேன். 0.3013 கிராம் குறைந்தது, அதாவது 6.0 சதவீதம். கொழுப்புக்கான பருப்பையும் இதே மாதிரிக் காயவைத்தேன். ஈரம் இருந்தால் கரைப்பானான பெட்ரோலியம் ஈதர் துகளுக்குள் சரியாக இறங்காது, தண்ணீரும் அதுவும் சேராதே. அதற்காக ராத்திரி முழுக்க அவனில் விட்டுவிடவும் கூடாது. கடலை எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து கெட ஆரம்பிக்கும்.

காய்ந்த பருப்பை மிக்சியில் அரைத்ததுதான் என் முதல் தப்பு. இரண்டு சுற்றில் மாவு ஆகவில்லை, பசை ஆகிவிட்டது. பாதிக்குப் பாதி எண்ணெய் உள்ள பொருள், வேறெப்படி ஆகும்? ஜாரின் சுவரெல்லாம் பளபளவென்று எண்ணெய். ஜாரில் ஒட்டிய எண்ணெய் கணக்கில் வராது என்று அப்போது உறைக்கவில்லை. வழித்தெடுத்ததில் 3.0124 கிராம் ஒரு திம்பிளிலும் 3.0087 கிராம் இன்னொன்றிலும் போட்டு, மேலே பஞ்சு வைத்து அடைத்தேன். அந்தப் பஞ்சையும் முன்கூட்டியே ஈதரில் கொழுப்பு நீக்கி வைத்திருக்க வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்திருந்தேன்.

ஃபிளாஸ்க் இரண்டையும் கொதிகற்களோடு சேர்த்து அவனில் காயவைத்து, ஈரம் ஏறாத மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுத்து வைத்திருந்தேன். கற்களைப் பிறகு போட்டால் அவற்றின் எடையும் கொழுப்பாகக் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் கண்ணாடி மூட்டுகள் இறுக்கமாகப் பொருந்தட்டுமே என்று வாஸலினைத் தொட்டுத் தடவப் போனேன். லேப் உதவியாளர் அண்ணன் கையைத் தட்டிவிட்டார்.

"ஏம்மா, வாஸலினும் கொழுப்பு மாதிரி ஈதர்ல கரையுமில்ல? நீ கடலையில இருக்குறத அளக்குறியா, டப்பாவுல இருக்குறத அளக்குறியா?"

அது ஏப்ரல் கடைசி. மாடித் தொட்டியிலிருந்து, ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கு வந்த தண்ணீர் கையில் பட்டால் சுட்டது. எங்களிடம் இருந்தது 40 முதல் 60 டிகிரிக்குள் கொதிக்கும் பெட்ரோலியம் ஈதர். அந்தத் தண்ணீரால் அதன் ஆவியை எப்படிக் குளிரவைக்க முடியும்? கண்டென்சரின் திறந்த உச்சியில் லேசாக ஈதர் வாடை வந்தது. ஒரு மணி நேரத்தில் ஃபிளாஸ்க்கில் திரவம் பாதியாக இறங்கியிருந்தது. ஃபிளாஸ்க்கைச் சூடாக்கும் மேண்டிலை அணைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். வீட்டு ஏர்கூலரில் இருக்குமே, அந்தச் சின்ன மோட்டார், அதில் ஒன்றை எடுத்து வந்தார். வாளித் தண்ணீரில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி மோட்டாரை உள்ளே இறக்கி, கண்டென்சரின் கீழ்வாய் வழியாகத் தண்ணீரை ஏற்றி மேல்வாய் வழியாகத் திரும்ப வாளிக்கே விட்டோம். வாடை நின்றது. அரை மணிக்கு ஒரு தரம் ஐஸ் போடுவது மட்டும் என் வேலை. இது ஈதரை மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. அந்த ஆவி காற்றைவிடக் கனம், மேசையோரமாக இறங்கித் தரையில் பரவும். பக்கத்து மேசையில் பன்சன் பர்னர் எரிந்துகொண்டிருந்தால் தீ அங்கிருந்து இங்கே தாவி வரும்.

சாக்ஸ்லெட் வேலை செய்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. ஆவி பக்கக் குழாயில் ஏறிக் கண்டென்சரில் குளிர்ந்து திம்பிளின் மேல் சொட்டுகிறது. அறை மெதுவாக நிறைகிறது. மெல்லிய சைஃபன் குழாயின் உச்சியைத் தொட்டதும் ஒரே இழுப்பில் முழுவதும் கீழே ஃபிளாஸ்க்குக்கு இறங்கிவிடுகிறது, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு. எண்ணெய் கீழேயே தங்கிவிட, சுத்தமான ஈதர் மட்டும் மறுபடி ஆவியாகி மேலே போகிறது. 1879-ல் ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் பாலில் உள்ள கொழுப்பை அளக்கத்தான் இதைச் செய்தார். இன்றைக்கும் அதே வடிவம்.

நொடிக்கு ஐந்தாறு சொட்டு விழுகிற மாதிரி சூட்டை வைத்து நாலு மணி நேரம் ஓட்டினேன். விடை: ஒன்றில் 1.2334 கிராம் கொழுப்பு, 40.94 சதவீதம். மற்றதில் 1.3690 கிராம், 45.50 சதவீதம்.

ஒரே கடலை, ஒரே ஜார், ஒரே நாள். அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் என் புராஜெக்டைப் பார்த்த மேடம் ஏற்கமாட்டார். இங்கே நாலரை.

சராசரி எடுத்து எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மேடம் நோட்டைப் பார்க்கவே இல்லை, "திம்பிளைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றுதான் கேட்டார். நல்லவேளை, போடவில்லை. 41 வந்த திம்பிளை ஃபியூம் ஹூடில் காயவிட்டுப் பஞ்சை எடுத்தோம். மேலாக இருந்த துகளைக் கொஞ்சம் எடுத்து வடிதாளில் வைத்து விரலால் அழுத்தச் சொன்னார். காகிதத்தில் கண்ணாடி மாதிரி எண்ணெய்க் கறை. அடியிலிருந்து எடுத்த துகளில் அவ்வளவு இல்லை. காரணம் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் திம்பிள் ஒல்லியானது, நான் போட்ட பொருள் சைஃபன் உச்சிக்கு மேலேயும் குவிந்திருந்தது. அறை எத்தனை முறை நிறைந்து வடிந்தாலும் அந்த மட்டத்துக்கு மேலே இருப்பது ஈதரில் மூழ்காது, சொட்டு விழும் இடத்தில் மட்டும் நனையும். சரி, 45 வந்த திம்பிளாவது ஒழுங்கா என்று பார்த்தால், அதில் இருந்த பெரிய துணுக்குகளை நசுக்கியபோது அதிலும் கறை. அதாவது இரண்டு விடையுமே குறைவு. சராசரி எடுத்திருந்தால் இரண்டு தப்புக்கு நடுவில் ஒரு மூன்றாவது தப்பு.

மறுமுறை மிக்சியைத் தொடவில்லை. காயவைத்த துண்டுகளையே நேராக நிறுத்து, கல்வத்தில் போட்டு, கழுவிக் காயவைத்த மணலோடு சேர்த்து அரைத்தேன். மணல், கடலைத் துகள்களைக் கிழிக்கும், பசையாகத் திரளவும் விடாது. நிறுத்த பிறகு அரைப்பதால் கல்வத்தில் ஒட்டுவதை ஈதர் விட்டுக் கழுவித் திம்பிளிலேயே ஊற்றிவிடலாம், ஒரு துளி எண்ணெய் வீணாகாது. திம்பிளும் அகலமானது, பொருள் சைஃபன் உச்சிக்கு நன்றாகக் கீழே இருந்தது.

நாலு மணி நேரம் கழித்து நிறுத்தி, ஃபிளாஸ்க்கைக் காயவைத்து எடை போட்டேன், 47.07 சதவீதம். அத்தோடு விட்டிருப்பேன். மேடம் திம்பிளில் இருந்ததைக் காயவிட்டு மறுபடி கல்வத்தில் அரைத்து இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னார். எண்ணெய் வித்துகளுக்கு இப்படி நடுவில் மறுபடி அரைப்பது வழக்கமாம். முதல் தடவை கிழியாத செல்களில் இருப்பது அப்போதுதான் வெளியே வரும். வந்தது, இன்னொரு இரண்டு சதவீதம். கடைசியில் சைஃபனிலிருந்து வடியும் ஈதரில் ஒரு சொட்டை வாட்ச் கிளாஸ் என்கிற சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டு உலரவைத்தேன். வட்டமாக எண்ணெய்த் தடம் எதுவும் படியவில்லை.

ஈதரை வடித்து மீட்டுக்கொண்ட பிறகும் ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் தங்கும். அதோடு அவனில் வைத்தால் வெடிக்கலாம். ஹூடில் வாடை போகும்வரை விட்டு, பிறகுதான் அவனில் வைக்க வேண்டும். ஃபிளாஸ்க்கைச் சற்றுச் சாய்த்து வைத்தால் கனமான ஆவி தானாக வெளியே வழிந்துவிடும் என்பது அண்ணன் சொன்ன யோசனை. ஒரு மணி நேரம் கழித்து எடை 113.9302. இன்னொரு அரை மணி, 113.9161. அடுத்த அரை மணி, 113.9147. இன்னும் ஒருமுறை வைத்தபோது 113.9163, ஏறிவிட்டது! தராசு கோளாறு என்று நினைத்தேன். இல்லை, ஈதர் எல்லாம் போன பிறகு எண்ணெய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கனக்கிறது. அதனால் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசி எடை அல்ல, ஏறுவதற்கு முந்தைய குறைந்த எடை. ஒவ்வொரு முறையும் டெசிகேட்டரில் முழுதாக ஆறவிட்டேன், ஃபிளாஸ்க்கை வெறும் விரலால் தொடவே இல்லை. டெசிகேட்டரில் ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகியிருந்ததைக் கவனித்து அதையும் ஒருமுறை காயவைத்தோம்.

நோட்டில் எழுதியது இது:

காலி ஃபிளாஸ்க் (கற்களோடு): 112.4391 கிராம்
கொழுப்போடு: 113.9147 கிராம்
கொழுப்பு: 1.4756 கிராம்
எடுத்த உலர் மாதிரி: 3.0052 கிராம்
கொழுப்பு சதவீதம் = 1.4756 ÷ 3.0052 × 100 = 49.10

இரண்டாவது செட்டில் 3.0118 கிராமுக்கு 1.4827 கிராம், 49.23 சதவீதம். சராசரி 49.17. மேடம் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

"இது எந்தக் கடலைக்கு?" என்று அடுத்து கேட்டார்.

விழித்தேன். 49.17 என்பது ஈரம் நீக்கிய கடலைக்கு. சந்தையில் வாங்கியது 6 சதவீத ஈரத்தோடு இருந்தது. அதன் 100 கிராமில் உலர் பொருள் 94 கிராம்தான். 49.17 × 0.94 = 46.2. அட்டவணையில் இரண்டையும் எழுதி, எது எந்த அடிப்படை என்று குறித்தேன். "கொழுப்பு" என்பதை அடித்துக் "கச்சா கொழுப்பு" என்று திருத்தியது மேடம். ஈதர் எண்ணெயை மட்டும் பிடிப்பதில்லை, அதில் கரைகிற நிறமி, மெழுகு, வைட்டமின் எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கும். புரதத்தோடும் மாவுச்சத்தோடும் பிணைந்த கொழுப்பில் கொஞ்சத்தை விட்டும்விடும். பச்சைக் கடலைக்கு அது பெரிய குறை இல்லை. பிஸ்கட், ரொட்டி என்று வந்தால் முதலில் அமிலத்தில் வேகவைத்துப் பிணைப்பை உடைத்துவிட்டுத்தான் சாக்ஸ்லெட்டுக்குப் போக வேண்டும்.

பாக்கியிருந்த புண்ணாக்கு போன்ற தூளை அண்ணன் மணலோடு சேர்த்து மூடி வைத்தார். மாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று என்னோடு படித்த ஒருத்தி கேட்டாள். அவர் அவள் மூக்கருகே திம்பிளைக் காட்டினார். ஈதர் வாடை இன்னும் போகவில்லை.