பொருக்கு நாட்கள்

2025 ஜனவரி 8, புதன்

நேற்றுக் காலை கண்டியில் சத்திர சிகிச்சை. இன்று மதியம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடப் பீனிசம், இரண்டு பக்கமும் திராட்சைக் குலை போலச் சதை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாவற்றையும் மூக்குத் துவாரம் வழியாகவே கமரா விட்டு எடுத்திருக்கிறார்கள். வெளியில் காயம் இல்லாததால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "ஒன்றுமே செய்யவில்லையா?" என்ற முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

மூக்கின் கீழே மீசை போல ஒரு கோஸ் துணித் துண்டு ஒட்டியிருக்கிறது. கினிகத்தேனை வளைவுகளில் வான் ஏறுவதற்குள் அது இரண்டு முறை நனைந்தது. இளஞ்சிவப்பாகத் துளித்துளியாகக் கசிவது மூன்று நாட்கள் வரை வழமைதான் என்று தாதி சொல்லியிருந்தார். துளி நின்று ஓட்டமாக மாறினால்தான் பயப்பட வேண்டுமாம்.

இரண்டு கிழமைக்கு மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து பாரம் தூக்கக் கூடாது. தலையணை இரண்டு வைத்துப் படுக்க வேண்டும். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம், இரத்தம் உறைவதைத் தடுத்துவிடும். இவ்வளவையும் என் மனைவி ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று முதலாவது மூக்குக் கழுவல். இதைத்தான் எழுத வேண்டும்.

கழுவும் போத்தல் 250 மில்லிலீற்றர். உள்ளே கொதித்து ஆறிய தண்ணீர். பார்மசியில் உப்புப் பாக்கெட் வாங்கி வந்திருந்தேன். வீட்டிலே கலப்பதென்றால் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போதும். ஆனால் கறிக்குப் போடும் அயடீன் உப்பு மூக்குத் தோலை எரிக்கும். அளவும் முக்கியம். உடம்பின் உப்பும் தண்ணீரின் உப்பும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் எரியாது. குறைந்தாலும் கூடினாலும் குளத்தில் மூழ்கித் தண்ணீர் குடித்ததைப் போல ஓர் எரிச்சல். உப்பை மறந்து முதற்போத்தலை வெறும் தண்ணீராக விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் லயத்துக்கு வருவது மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய பீலித் தண்ணீர். அம்மா அதை "பால் மாதிரி" என்பார். வயிற்றுக்கு அது சரியாக இருக்கலாம். மூக்குக்குள் விடும் தண்ணீரில் நெக்லேரியா என்ற அமீபா இருந்தால் மூக்கின் வழியே மூளைக்கே போய்விடும் என்று தாதி சொன்னார். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அரிது. குமிழ் பொங்கக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2000 மீற்றருக்கு மேலே வாழ்பவர்கள் மூன்று நிமிடம். நாங்கள் 1250 மீற்றரளவில் இருக்கிறோம், தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. மனச்சமாதானத்துக்காக மூன்று நிமிடமே விட்டேன்.

அதை ஆறவைப்பது பெரிய வேலை இல்லை, தை மாதக் குளிரில் தானாக ஆறிவிடும். மறுபடியும் கொஞ்சம் சுடவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. தொட்டியில் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயைத் திறந்து, மூச்சை வாயால் விட்டுக்கொண்டு, மெதுவாக அமுக்கினேன். மற்றத் துவாரத்தால் முதலில் தெளிந்த தண்ணீர் வந்தது, பிறகு சாயத் தண்ணீர் நிறத்தில், கடைசியாக மென்மையான ஜெலி போன்ற ஒரு கறுப்புத் துண்டு. துண்டைக் கண்டு மனைவி வெளியே போய்விட்டாள். அது உள்ளே வைத்திருந்த கரையும் பஞ்சின் மிச்சம். வரத்தான் வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

காலை, மாலை, இரவு என்று மூன்று முறை கழுவுகிறேன். மூக்கு அடைப்பு கூடியிருக்கிறது. மூன்றாம் நாள் நன்றாக இருந்தது, ஐந்தாம் நாள் மோசம். வீக்கமும் பொருக்கும் சேர்ந்து இப்படித்தான் செய்யும் என்று தாள் சொல்கிறது. அம்மா ஆவி பிடிக்கச் சொன்னார். சூடு இரத்தக் குழாயை விரிக்கும், இந்தக் கிழமை வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டார்.

ஜனவரி 15, புதன், இரவு 1 மணி

திங்கள் போயா, செவ்வாய் தைப்பொங்கல். மருத்துவமனை வியாழன்தான். வீடு நிறைய ஆட்கள். முற்றத்தில் மூன்று கல் அடுப்பு, ஈர விறகு, வீட்டுக்குள் முழுக்கப் புகை. நேற்றும் இன்றும் ஒரே ஒரு தடவைதான் கழுவினேன். சொந்தக்காரர்கள் முன்னால் தொட்டியில் குனிந்து மூக்கால் தண்ணீர் விட வெட்கமாக இருந்தது.

இரவு பத்து மணிக்கு இடது மூக்கில் கூழாங்கல் வைத்ததைப் போல ஒன்று. நுனி விரலில் தட்டுப்பட்டது. இழுத்தேன். வந்ததை விரலில் வைத்துப் பார்த்தேன்: கிட்டத்தட்ட இரண்டு சென்ரிமீற்றர் நீளம், மேலே பச்சையும் மஞ்சளும் கலந்த சளி, அடியில் காய்ந்த இரத்தத்தின் கருஞ்சிவப்பு, ஒரு முனையில் ஈரமான, பச்சை இறைச்சி போன்ற நுனி. அந்த நுனியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அது பொருக்கு அல்ல, புதிதாக முளைத்துக்கொண்டிருந்த தோல்.

உடனே சிவப்பு இரத்தம். "தலையை அண்ணாந்து பிடி ஐயா" என்றார் அம்மா. அப்படிச் செய்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வயிற்றுக்குப் போகும், பிறகு வாந்தி. கதிரையில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, எலும்புக்குக் கீழே உள்ள மெல்லிய பகுதியை இரண்டு விரலால் இறுக்கி, வாயில் வந்ததைக் கோப்பையில் துப்பிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். இடையில் விட்டுப் பார்க்கக் கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் கை தானாக விடப் பார்த்தது. முதற்பத்தில் நிற்கவில்லை, இரண்டாவது பத்தில் நின்றது. அதிலும் நிற்காவிட்டால் காரை எடுப்பதென்று மைத்துனன் சாவியோடு நின்றிருந்தான்.

ஜனவரி 16, வியாழன்

இரண்டரை மணி நேரப் பஸ் பயணம். நாற்காலியில் உட்காரவைத்து மூக்குக்குள் கசப்பான மருந்தொன்றை அடித்தார்கள். தொண்டை மரத்துப்போய் எச்சில் விழுங்குவதே தெரியவில்லை. பிறகு கமரா, உறிஞ்சு குழாய், நீளமான நுனிக் கொறடு.

திரையில் என் மூக்கின் உள்ளே பார்த்தேன். ஒரு சிறு குகை, சுவர் முழுக்கச் சேற்றுப் படிவம். வைத்தியர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி உறிஞ்சினார். வலிக்கு மேலாகக் கண்ணீரும் தலைச்சுற்றலும்தான். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

நான் விரலால் இழுத்ததைச் சொன்னேன். திட்டவில்லை. பொருக்கை ஏன் எடுக்கிறார்கள் என்று விளக்கினார். உள்ளே இரத்தமும் சளியும் உறைந்து ஒரு பசை போலாகிறது. மூக்கினுள் துருத்தி நிற்கும் நடு மடலுக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி, இரண்டு பக்கமும் தோல் உரிந்த காயம். பசை இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டால் காயத்தோடு காயம் ஒட்டி வளர்ந்துவிடும். திறந்த வழி மீண்டும் அடைபடும். ஆகவே பொருக்கு எடுபட வேண்டும்; ஆனால் ஈரமாகி, தளர்ந்து, தானாக வரவேண்டும் அல்லது அவருடைய கையால் வரவேண்டும். என் விரலுக்கு அங்கே கண் இல்லை.

இனி நான்கு முறை கழுவச் சொன்னார்.

ஜனவரி 23, வியாழன்

நேற்று வேலைக்குத் திரும்பினேன். தேயிலைத் தொழிற்சாலைக் கிளாக்கருக்கு அலுவலகம் தூள் சலிக்கும் அறைக்கு அடுத்தது. முகக்கவசத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பத்தரை மணிக்குக் கீழே விழுந்த ரசீதை எடுக்கக் குனிந்தேன். வலது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் ஒரு கரண்டியளவு, பேரேட்டின் மேல். கை நடுங்கிவிட்டது. மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்தால் தெளிந்த தண்ணீராக ஒரு பக்கம் மட்டும் வரும், உப்பு ருசியிருக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

தொலைபேசியில் தாதி கேட்ட கேள்விகள் எளிமையானவை. கடைசியாக எப்போது கழுவினீர்கள்? எட்டரைக்கு. எவ்வளவு வந்தது? ஒரே தடவை. தலைவலி, கழுத்து இறுக்கம், காய்ச்சல்? இல்லை. கழுவிய நீர் சைனஸ் அறைகளுக்குள் தங்கி, இரண்டு மூன்று மணி கழித்துக் குனியும்போது கொட்டுவது மிகச் சாதாரணம். கழுவாமல் நான்கு மணி நேரம் இருந்து, பிறகு முன்னால் குனிந்து சில நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்துகொண்டேயிருந்தால் ஒரு சுத்தமான போத்தலில் பிடித்துக்கொண்டு உடனே வாருங்கள், பரிசோதனை செய்யலாம். கண் வீங்கினாலும், இரட்டையாகத் தெரிந்தாலும் போத்தலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்கு முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பேரேட்டின் அந்தப் பக்கம் மட்டும் காய்ந்து நெளிந்திருக்கிறது.

ஜனவரி 30, வியாழன்

வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இடது பக்கத்தில், நான் இழுத்த அதே இடத்தில், மடலிலிருந்து சுவருக்குச் சிலந்தி நூல் தடிப்பில் ஒரு பாலம். திரையில் வைத்தியர் காட்டினார். மூன்று கிழமைக்குள் கட்டப்பட்டுவிட்டது. மரப்பு மருந்து வைத்து, கத்தரியால் ஒரு வெட்டு. இரண்டு சொட்டு இரத்தம். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் அது தடித்த தழும்பாகியிருக்குமாம், அப்போது நாற்காலியில் வைத்து முடிகிற வேலையில்லை.

இன்றிலிருந்து ஸ்டீரொயிட் ஸ்பிரே. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்க்க வேண்டும், நடுத்தண்டில் விழுந்தால் இரத்தம் வரும். முதலில் கழுவ வேண்டும், அரை மணி கழித்து ஸ்பிரே. இல்லாவிட்டால் மருந்தைக் கழுவி ஊற்றியதாகிவிடும்.

பெப்ரவரி 20, வியாழன்

ஒட்டிய இடம் ஆறிவிட்டது. பொருக்கு இப்போது நாளுக்கு ஒரு சிறு துண்டு, அதுவும் கழுவும்போது. உள்ளே தோல் முழுமையாக மூட மூன்று மாதம் வரை ஆகலாம். கழுவலை வைத்தியர் நாளுக்கு இரண்டாகக் குறைத்தார். பழைய போத்தலை மாற்றச் சொன்னார். நான் கேட்காமலே அதன் கழுத்தில் உள்ள கறுப்புப் படிவத்தைக் காட்டினார், வெட்கமாகிவிட்டது.

மணம் திரும்பியிருக்கிறதா என்று கேட்டார். முதலில் திரும்பியது என் சொந்தப் பொருக்கின் நாற்றம். இரண்டு கிழமைக்கு முன், காலையில் போத்தலை அமுக்கும்போது அழுகிய மீன் போல ஒன்று மூக்கில் ஏறியது; மூடிக்கொள்வதற்குப் பதிலாக மனைவியைக் கூப்பிட்டு "நாறுகிறதா?" என்று கேட்டேன். ஆம் என்றாள். இப்போது மண்ணெண்ணெய் தெரிகிறது, கறுவா தெரிகிறது. அறையில் உலரும் கொழுந்தின் மணம் சில நாள் தெரிகிறது, சில நாள் இல்லை. மல்லிகை இன்னும் இல்லை. அட்டையில் அதையும் எழுதிக்கொண்டு, அடுத்த தவணையை மே மாதத்துக்குக் குறித்தார்.