என் பேரில் நாலாவது சிம்

கோத்தகிரியில் மழை விடாமல் பெய்த ஒரு மதியம், சும்மா இருக்க முடியாமல் tafcop.sancharsaathi.gov.in தளத்தைத் திறந்தேன். மொபைல் எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியைப் போட்டதும் என் பேரில் உள்ள இணைப்புகளின் பட்டியல் வந்தது. மொத்தம் நாலு! நடு எண்களை மறைத்துத்தான் காட்டுகிறது.

ஒன்று என்னுடையது. இன்னொன்று அம்மாவுடையது, வாங்கியது என் ஆதாரில். அதை மறந்து "Not My Number" அழுத்தியிருந்தால் அம்மாவின் போன் போயிருக்கும். அதனால் முதலில் வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். மூன்றாவது, எப்போதோ தூக்கிப்போட்ட டாங்கிள் சிம். அது நான் வாங்கியதுதான் என்பதால் "Not Required".

நாலாவது யாருடையதோ. அதற்குத்தான் "Not My Number" தேர்ந்து ரிப்போர்ட் கொடுத்தேன். ஒரு குறிப்பு எண் கிடைத்தது. அதை வைத்து அதே தளத்தில் நிலவரம் பார்க்கலாம். உடனே துண்டிக்க மாட்டார்கள்; அந்த சிம் கொடுத்த நிறுவனம் சரிபார்த்த பிறகுதான்.

எப்படி நடந்திருக்கும்? போன வருடம் ரோட்டோரத்தில் குடை விரித்து சிம் விற்றவர்களிடம் வாங்கியபோது, "குளிருல ரேகை விழல, இன்னொரு தடவை வைங்கண்ணா" என்றார் அந்தப் பையன். மூன்று முறை வைத்தேன். தேயிலை பறித்துத் தேய்ந்த விரல்கள் உள்ள ஊரில் யாருக்கும் அதில் சந்தேகமே வராது. இப்போது என் சந்தேகமெல்லாம் அந்த இரண்டாவது ரேகை மேல்தான்.